சனி ஆறரையா, ஞாயிறு ஆறரையா: ஒரு சமையல் சேனலுக்கு நேரம் பார்த்தது

முத்தியால்பேட்டையில் என் அத்தை மகள் ஒரு சமையல் சேனல் நடத்துகிறாள். வாரத்துக்கு ஒரு வீடியோ. மட்டன் குழம்பு, மீன் புட்டு, நண்டு மசாலா, இடையிடையே தாளிப்பு வடகம் போடுவது எப்படி என்று ஒன்று. பார்க்கிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தமிழ்நாடு, புதுச்சேரி. மிச்சப் பேர் சிங்கப்பூரிலிருந்து டொரன்டோ வரை சிதறிக் கிடக்கிறார்கள். புதுச்சேரிச் சேனல் என்பதால் பிரான்ஸ் பங்கு வழக்கத்தைவிட அதிகம். இங்கே எந்தத் தெருவில் கேட்டாலும் பாரிஸ் பக்கம் ஒரு சித்தப்பாவாவது இருப்பார்.

வீடியோவை எடிட் செய்து ஏற்றுவது என் வேலை. அதனால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போடுவது என்ற கேள்வியும் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. நான்கு நேரங்கள் போட்டியில் இருந்தன. அவற்றை எப்படி ஒப்பிட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். சேனல் வேறாக இருந்தால் விடை மாறும், கணக்குப் போடும் முறை அநேகமாக இதேதான்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டு விடலாம். வெளியிடும் நேரம் ஒரு வீடியோவின் நீண்ட கால ஓட்டத்தை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. தேடி வந்து பார்க்கிற வீடியோவுக்கு இது ரொம்பச் சரி. ‘வடகம் செய்முறை’ என்று சித்திரை வெயிலில் ஒருவர் தேடினால், அந்த வீடியோ தை மாதம் எத்தனை மணிக்கு வந்தது என்பதில் அவருக்கு என்ன? ஆனால் சந்தாதாரர்களை நம்பி ஓடுகிற வார வீடியோவுக்கு முதல் நாள் என்று ஒன்று உண்டு. மணி அடிக்கிறது, போன் திரையில் வருகிறது, அப்போது கையில் நேரம் இருந்தால் பார்க்கிறார்கள். நள்ளிரவில் வந்த அறிவிப்பு காலையில் முப்பது செய்திகளுக்கு அடியில் கிடக்கும். நேரலைக்கும், குறித்த நேரத்தில் எல்லாரும் சேர்ந்து பார்க்கிற பிரீமியருக்கும் நேரம்தான் எல்லாமே. ஆகவே இந்தக் கணக்கு வார வீடியோவுக்கு. தேடலில் வருகிறவற்றை உங்களுக்கு வசதியான நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பார்வையாளர் பங்கு. யூடியூப் ஸ்டுடியோவில் நாடுவாரியாகப் பார்க்கலாம். கணக்குக்கு எளிதாக முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். நூறு பேர் பார்த்தால் 55 பேர் தமிழ்நாடு, புதுச்சேரி. 12 பேர் சிங்கப்பூர், மலேசியா. 10 பேர் வளைகுடா. 13 பேர் பிரான்ஸ். 6 பேர் கனடா. மிச்சம் 4 பேர் சிட்னி, கலிஃபோர்னியா என்று உதிரி. அந்த நால்வரை இப்போதைக்கு ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன், கடைசியில் அவர்களிடம் வருகிறேன்.

இந்த இடத்தில் பலர் நேராக ஸ்டுடியோவின் Audience பக்கத்துக்குப் போய், When your viewers are on YouTube என்ற படத்தைத் திறந்து, எந்தக் கட்டம் கறுத்திருக்கிறதோ அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். படம் பொய் சொல்லவில்லை. கடந்த 28 நாட்களில் உங்கள் பார்வையாளர்கள் எந்நேரம் யூடியூபில் இருந்தார்கள் என்பதை உங்கள் ஊர் நேரத்தில் காட்டுகிறது. ஆனால் எல்லா நாட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கித்தான் காட்டுகிறது. எங்கள் படத்தில் இரவு ஒன்பது மணிதான் கறுப்பு. அது அந்த 55 பேரின் ஒன்பது மணி. சிங்கப்பூர்க்காரருக்கு அப்போது பதினொன்றரை. அவர் தூங்கப் போவது அந்தக் கறுப்பில் தெரியவே தெரியாது. எல்லோரும் ஒரே ஊரில் இருக்கிற சேனலுக்குத்தான் அந்தப் படம் போதும்.

அதனால் கையால் ஒரு அட்டவணை போட்டேன். மேல் வரிசையில் நம் நேரம், கீழே அந்தந்த ஊர் நேரம். பாரிஸும் டொரன்டோவும் கோடை நேரக் கணக்கு.

| ஊர் | வெள்ளி இரவு 9.30 | சனி இரவு 7.30 | ஞாயிறு காலை 9.00 | ஞாயிறு மாலை 6.30 |
|---|---|---|---|---|
| சிங்கப்பூர், கோலாலம்பூர் | நள்ளிரவு 12.00 | இரவு 10.00 | காலை 11.30 | இரவு 9.00 |
| துபாய் | இரவு 8.00 | மாலை 6.00 | காலை 7.30 | மாலை 5.00 |
| குவைத், தோஹா | இரவு 7.00 | மாலை 5.00 | காலை 6.30 | மாலை 4.00 |
| பாரிஸ் | மாலை 6.00 | மாலை 4.00 | அதிகாலை 5.30 | பிற்பகல் 3.00 |
| டொரன்டோ | நண்பகல் 12.00 | காலை 10.00 | சனி இரவு 11.30 | காலை 9.00 |

இதற்கு மதிப்பெண் போடும்போது அந்த நிமிடத்தைப் பார்க்கக் கூடாது. வீடியோ வந்ததிலிருந்து அடுத்த மூன்று மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் அந்த ஊர்க்காரர் தூங்குகிறார் என்றால் 0. விழித்திருக்கிறார், ஆனால் வேலையிலோ வெளியிலோ இருக்கிறார் என்றால் 1. ஓரளவு ஓய்வாக இருக்கிறார் என்றால் 2. அதைப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. எல்லாருக்கும் 2 கிடைத்தால், உதிரி நால்வர் நீங்கலாக, 192 வரும்.

ஞாயிறு காலை ஒன்பது என் அத்தை மகளின் விருப்பம். ‘ஞாயித்துக்கிழமைதானே எல்லாரும் வீட்டில இருப்பாங்க’ என்றாள். இருப்பார்கள்தான். ஆனால் இங்கே ஒன்பது மணிக்கு ஒருவர் கறிக்கடை வரிசையில், இன்னொருவர் வெங்காயம் உரித்துக்கொண்டு. 1 மதிப்பெண், ஆக 55. சிங்கப்பூர் ஓய்வில், 24. வளைகுடாவில்தான் சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் வார விடுமுறையை சனி, ஞாயிறு என்று மாற்றிக்கொண்டது. குவைத், கத்தார், சவுதியில் இன்னும் வெள்ளி, சனிதான். அங்கே ஞாயிறு வேலை நாள். அரைகுறையாக 10. பிரான்ஸ் தூக்கத்தில், 0. கனடாக்காரர் படுக்கப் போகும் நேரம், தாராளமாக 6. மொத்தம் 95. பதின்மூன்று பிரெஞ்சுப் பங்கையும் ஒரே அடியில் இழக்கிற நேரம் இது ஒன்றுதான். புதுச்சேரிச் சேனலுக்கு ஆகவே ஆகாது.

வெள்ளி இரவு ஒன்பதரை: 110, 0, 20, 26, 6. மொத்தம் 162. பிரான்சுக்கு நல்ல நேரம், வேலை முடிந்து ரயிலில் வரும்போதே பார்ப்பார்கள். சிங்கப்பூர், மலேசியா அடியோடு போகிறது. அந்த 12 பேரை விட முடியாது என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் அவர்கள்தான் கருத்துப் பகுதியில் அதிகம் பேசுகிறவர்கள்.

சனி இரவு ஏழரை: 110, 12, 20, 13, 12. மொத்தம் 167. இங்கே கவனிக்க வேண்டியது வளைகுடா. துபாய்க்கு சனி, ஞாயிறு, குவைத்துக்கு வெள்ளி, சனி என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒரே விடுமுறை சனி. அந்த நாளில் போட்டால் 20 முழுதாகக் கிடைக்கும். பிரான்சுக்கு 1 மட்டும் கொடுத்தேன். சனி மாலை அங்கே கடை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, யார் வீட்டுப் பிறந்தநாளாவது என்று எல்லாரும் வெளியில்தான் இருப்பார்கள்.

ஞாயிறு மாலை ஆறரை: 110, 24, 10, 26, 12. மொத்தம் 182.

அப்படியானால் ஞாயிறு மாலைதானே? அங்கேதான் கொஞ்சம் நின்றேன். சனிக்கு ஏழரை, ஞாயிறுக்கு ஆறரை என்று ஒப்பிட்டால் சனிக்கு நியாயம் செய்யவில்லை. சனியையும் ஒரு மணி நேரம் முன்னால் இழுத்தால் சிங்கப்பூரில் இரவு ஒன்பது ஆகிவிடும், 12 என்பது 24 ஆகும். இங்கே ஆறரைக்குப் பலர் கடையிலும் பஸ்ஸிலும் இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் நாம் பார்ப்பது ஆறரை முதல் ஒன்பதரை வரை, அதனால் 110 குறையாது. டொரன்டோவில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, சனிக்கிழமை, நல்லதுதான். சனி மாலை ஆறரை 179.

182க்கும் 179க்கும் வித்தியாசம் என்று எதுவும் இல்லை. 0, 1, 2 என்று குத்துமதிப்பாகப் போட்ட கணக்கில் மூன்று புள்ளியை வைத்து முடிவெடுப்பது ஏமாற்று வேலை. இந்த மதிப்பெண்ணால் செய்ய முடிந்தது ஞாயிறு காலையை வெளியே தள்ளியதும், ஆறரை மணி என்ற நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும்தான். நம் நேரம் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் சிங்கப்பூர் இன்னும் தூங்கவில்லை, டொரன்டோ எழுந்துவிட்டது. ஒரே ஒரு நேரம்தான் போட முடியும் என்றால் இந்த இடுக்குதான் அகலமானது. கிழமையை வேறு எதையாவது வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் விஷயத்தில் அது அடுப்படி. சமையல் வீடியோவைப் பார்க்கிற நேரம் ஒன்று, செய்கிற நேரம் வேறு. மட்டன் குழம்பு வீடியோ ஞாயிறு மாலை வந்தால், பார்க்கிறவர் அன்றைய மட்டனை ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருப்பார். அடுத்த ஞாயிறுக்குள் அவருக்கு இது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். சனி மாலை வந்தால் மறுநாள் காலை கறிக்கடைக்குப் போகும்போது எலும்போடு வாங்குவதா, தொடைக்கறியா என்று தெரிந்து போவார். கடலூர் முதுநகர் பக்கம் மீன் வாங்குகிறவருக்கும் அதே கதை. பாரிஸில் சனி பிற்பகல் மூன்று மணி, கடைக்குப் போகிற நேரம். அங்கே ஓய்வு குறைவு என்று 1 போட்டேனே, அந்தக் குறையே இப்போது நிறையாகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது வருகிற சமையல் குறிப்பு வீணாகாது. டொரன்டோவில் சனி காலை ஒன்பது, இன்னும் கடைக்கே கிளம்பியிருக்க மாட்டார்கள். எல்லா ஊரிலும் வாங்குவதற்கு முன்னால் போய்ச் சேருகிறது என்பதால் சனியைத் தேர்ந்தெடுத்தோம்.

இதே சேனலில் சமையல் இல்லாத வீடியோ வந்தால் என் தேர்வு ஞாயிறு மாலைதான். காந்தி வீதி ஞாயிறு சந்தையைச் சுற்றிக் காட்டுவது, பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாக்களோடு பேசுவது, இப்படிப் பார்த்து ரசிக்க மட்டும் இருக்கிறவற்றுக்கு ஓய்வான மனசுதான் வேண்டும். பாரிஸில் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அது இருக்கிறது.

சனிக்கும் விதிவிலக்கு உண்டு. புரட்டாசி. அந்த மாதச் சனிக்கிழமை மாலை மட்டன் வீடியோ போட்டால் இங்கே பாதி வீட்டில் திறக்கவே மாட்டார்கள், சிங்கப்பூரிலும்கூட. அந்த நாலைந்து வாரம் வாழைப்பூ, கருணைக்கிழங்கு, புளியோதரை என்று போய்விடுவது நல்லது. நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. அதேபோல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். வஞ்சிரம் குழம்பு வீடியோ அப்போது இங்கே எடுபடாது. பாரிஸில் உறைந்த மீன் வாங்குகிறவருக்குத் தடைக்காலம் ஏது? அந்த இரண்டு மாதம் மீன் வீடியோ போட்டு நாடுவாரியாகப் பார்த்தால் இந்தியப் பங்கு குறைந்து பிரான்ஸ் பங்கு கூடியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு நேரம் தப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்புறம் கடிகாரத்தை மாற்றுகிற ஊர்கள். நாமும் சிங்கப்பூரும் வளைகுடாவும் மாற்றுவதில்லை. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறது. டொரன்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். 2026இல் டொரன்டோ மார்ச் 8 அன்று மாறுகிறது, பாரிஸ் மார்ச் 29 வரை மாறாது. இடைப்பட்ட மூன்று வாரம் நம் ஆறரை என்பது டொரன்டோவில் காலை ஒன்பது, பாரிஸில் பிற்பகல் இரண்டு. குளிர்காலம் முழுக்க டொரன்டோவில் எட்டு, பாரிஸில் இரண்டு. நாங்கள் நம் நேரத்தை மாற்றுவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். நூற்றில் முக்கால்வாசிக்கு மேல் கடிகாரம் மாற்றாத ஊர்கள், மாற்றுகிறவர்களுக்கும் மூன்று மணி நேர வாசல் அப்படியே திறந்திருக்கிறது. டொரன்டோவின் எட்டு மணி சீக்கிரம்தான், ஆனால் பதினொன்று வரை இருக்கிறதே.

பிரீமியர் வைத்தால் மட்டும் இது வலிக்கும். யூடியூப் அவரவர் ஊர் நேரத்தில் சரியாகத்தான் காட்டும். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தில்தான் தப்பு வரும். ‘மாலை 6.30’ என்று மட்டும் எழுதினால் பாரிஸ்காரர் தன் ஆறரைக்கு வந்து நிற்பார். புதுச்சேரி, பாரிஸ், டொரன்டோ என்று மூன்று நேரமும் எழுதுங்கள். பழைய படத்தையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிற பழக்கம் இருந்தால் மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடிகாரம் மாறும்போதெல்லாம் ஒரு தடவை சரிபாருங்கள்.

தேர்ந்தெடுத்த நேரம் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஸ்டுடியோவின் தினசரி எண்ணிக்கை நம் நள்ளிரவில் முடிவதில்லை, அமெரிக்க பசிபிக் நேர நள்ளிரவில் முடிகிறது. கோடையில் அது நமக்கு மறுநாள் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. சனி மாலை ஆறரைக்கு வந்த வீடியோவுக்கு அந்தக் கோடைக் கணக்கில் முதல் ‘நாள்’ பதினெட்டு மணி நேரம். ஞாயிறு காலை ஒன்பதுக்கு வந்ததற்கு அங்கே இன்னும் சனிக்கிழமை, அதன் முதல் ‘நாள்’ மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தேதிவாரி வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர், காலை வீடியோ படுத்துவிட்டது என்று நினைப்பார். நான் அந்த நேரத்தை வேண்டாம் என்றது வேறு காரணத்துக்கு, ஆனால் தப்பான காரணத்துக்காக ஒரு நேரத்தைக் கைவிடுவதும் நடக்கிறது. வெளியானதிலிருந்து முதல் 24 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், அதில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒப்பிடும்போது ஒரே வகை வீடியோவை ஒப்பிட வேண்டும். நண்டு மசாலாவையும் ரசத்தையும் வெவ்வேறு நேரத்தில் போட்டுவிட்டு நேரத்தைக் குறை சொல்ல முடியாது. சில வாரம் ஒரு நேரத்தில், சில வாரம் மற்றதில் என்று அசைவக் குழம்புகளை மட்டும் வைத்துப் பாருங்கள். தீபாவளி வாரம், கிரிக்கெட் இறுதிப் போட்டி, தேர்தல் முடிவு நாள் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மொத்தப் பார்வையைவிட நாடுவாரிப் பிரிவு முக்கியம். பிரான்ஸும் சிங்கப்பூரும் முதல் நாளில் தங்கள் வழக்கமான பங்கோடு வந்தார்களா என்பதுதான் கேள்வி. முதல் நாளில் வித்தியாசம் இருந்து, ஏழாம் நாளில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால், உங்கள் சேனலுக்கு நேரம் பெரிய விஷயமில்லை என்று அர்த்தம். அப்போது எடிட்டிங் முடிகிற நேரத்துக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

நடைமுறையில் ஒன்று. ஆறரைக்கு வெளியாக வேண்டுமானால் ஆறு மணிக்கு ஏற்ற ஆரம்பிக்காதீர்கள். உயர்தரப் பதிப்பு தயாராக யூடியூபுக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் வெளியானால் முதலில் வந்தவர்கள் மங்கலான நண்டைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் வெள்ளி இரவே ஏற்றி, சனிக்கு நேரம் குறித்துவிடுகிறோம். குறிக்கும்போது எந்த நேர மண்டலம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்கிறீர்கள் என்றால்.

இப்போது அந்த உதிரி நால்வர். சனி மாலை ஆறரை கலிஃபோர்னியாவில் அதிகாலை ஆறு, சிட்னியில் இரவு பதினொன்று. இரண்டுமே உருப்படாத நேரம். அவர்களுக்காக முதன்மை நேரத்தை நகர்த்தினால் சிங்கப்பூரோ பிரான்ஸோ கையை விட்டுப் போகும். அதே வீடியோவை இரண்டாவது முறை ஏற்றுவதும் தப்பு, பார்வை இரண்டாகப் பிரியும். அதற்குப் பதிலாக ஞாயிறு காலை ஆறரைக்கு சேனலின் சமூகப் பதிவில் ஒரு புகைப்படமும் வீடியோவின் இணைப்பும் போடுகிறோம். அது கோடையில் டொரன்டோவுக்கு சனி இரவு ஒன்பது, கலிஃபோர்னியாவுக்கு சனி மாலை ஆறு. சிட்னிக்கு அந்த மாதங்களில் ஞாயிறு காலை பதினொன்று. நம்மூரில் ஆறரைக்கு எழுந்து கறிக்கடைக்குக் கிளம்புகிறவர் கண்ணிலும் அந்தப் புகைப்படம் படும். நேற்று வீடியோவைத் தவறவிட்டவர் வாசலில் செருப்பு மாட்டும்போதே பார்த்துவிட்டு, கால் கிலோ ஈரலும் சேர்த்து வாங்கி வருவார்.